மாத்திரை வேலை செய்கிறது, வாடை திரும்பி வருகிறது: பி.வி. பற்றி ஓர் எளிய விளக்கம்

"வெள்ளைப்படுதல்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு பிரச்சினைகளைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதனால் யாருக்கு எது வந்தாலும், போன தடவை பக்கத்துவீட்டு அக்காவுக்குக் கேட்ட மருந்தே இந்தத் தடவை நமக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். நான் மருந்தாளர். பாக்டீரியல் வஜைனோசிஸுக்கான சீட்டோடு வருகிறவர்கள் தாழ்ந்த குரலில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: இந்த மாத்திரையோடு மது குடித்தால் என்ன ஆகும்? போன தடவையும் இதைத்தானே சாப்பிட்டேன், ஏன் மறுபடி வந்தது? இரண்டுக்கும் அரைகுறையான பதில்கள்தான் ஊரெல்லாம் சுற்றுகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாக, அடியிலிருந்து வருவோம். பெயர் நீளமாக இருப்பதால் இனி பி.வி. என்றே எழுதுகிறேன்.

## குடித்தனம் மாறிப்போன வீடு

யோனிக்குள் எப்போதும் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. இருக்கவும் வேண்டும். பலருக்கு அங்கே பெரும்பான்மையாக இருப்பவை லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள். யோனிச் சுவரின் செல்களில் சேர்ந்திருக்கும் சர்க்கரைப் பொருள் உடைய உடைய, அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. இந்தப் புளிப்பினால்தான் அங்கே பி.எச். அளவு வழக்கமாக 3.8 முதல் 4.5க்குள் நிற்கிறது. பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண், அவ்வளவுதான். எண் குறைந்தால் புளிப்பு கூடுதல். இந்தப் புளிப்பில் மற்ற பல பாக்டீரியாக்களால் எளிதில் பெருக முடியாது.

ஒரு வீட்டில் நல்ல குடித்தனக்காரர் இருந்துகொண்டு, வாசலில் கண்டவர்கள் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எண்ணிக்கையில் குறைந்துபோனால் காலியான அறைகளில் வேறு ஆட்கள் ஏறிவிடுவார்கள். பி.வி.யில் நடப்பது இதுதான். லாக்டோபேசில்லஸ் குறைகிறது, பி.எச். 4.5ஐத் தாண்டுகிறது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. கார்ட்னெரெல்லா, பிரிவோட்டெல்லா என்று இவற்றில் பல வகை உண்டு. ஆக, ஒற்றைக் கிருமி வந்து தாக்கிய நோய் இல்லை இது. ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்த நிலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் சுலபமாகப் புரியும்.

அந்த மீன் வாடை எங்கிருந்து வருகிறது? புதிதாக வந்த கூட்டம் அமீன் என்ற வகைப் பொருட்களை உண்டாக்குகிறது. புளிப்பு குறையக் குறைய இவை ஆவியாகி மூக்குக்கு எட்டும். விந்து காரத்தன்மை உள்ளது, அதனால்தான் உடலுறவுக்குப் பிறகு வாடை திடீரென்று தூக்கலாகத் தெரிகிறது. "நான் சுத்தமாக இல்லையோ" என்று நினைத்து உள்ளே சோப்பு, வாசனைத் திரவம், தண்ணீர்ப் பீய்ச்சல் என்று இறங்குகிறவர்கள் நிறைய பேர். அது மிச்சமிருக்கும் லாக்டோபேசில்லஸையும் கழுவிக்கொண்டு போகிறது. இது அழுக்கினால் வருவதில்லை.

சுருக்கமாக: புளிப்பைக் காக்கும் பாக்டீரியா குறைந்து, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கூடிப்போன நிலைதான் பி.வி.

## பூஞ்சைத் தொற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

தாங்க முடியாத அரிப்பு, கெட்டியாகத் திரிதிரியான வெள்ளை, பெரிய வாடை இல்லை என்றால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர்ப் பதத்தில் சாம்பல் கலந்த வெள்ளை, மீன் வாடை, அரிப்பு குறைவு அல்லது இல்லவே இல்லை என்றால் பி.வி. பக்கம் சந்தேகம் போக வேண்டும். பூஞ்சைக்கான களிம்பும் மாத்திரையும் பி.வி.யை ஒன்றும் செய்யாது. ஆனாலும் கையில் கிடைப்பது அதுதான் என்பதால் பலர் முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு வேடிக்கை, பி.வி.க்கு ஆன்டிபயாடிக் எடுத்து முடித்த சிலருக்கு அதன் பின்விளைவாகவே பூஞ்சை வந்துவிடும். அப்போது அரிப்பைப் பார்த்து "பி.வி. திரும்பிவிட்டது" என்று பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. என்ன வந்திருக்கிறது என்று மறுபடி பார்க்க வேண்டும்.

## ஒரு பெண்ணின் கதையாகப் பார்ப்போம்

முப்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கர்ப்பம் இல்லை, நிலையான துணைவர் இருக்கிறார். மூன்று வாரமாக வாடை. மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்: வெளியேறும் திரவம் மெல்லிதாக, சுவரில் பூசினாற்போல் இருக்கிறதா, பி.எச். காகிதம் 4.5க்கு மேல் காட்டுகிறதா. ஒரு துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மீன் வாடை கிளம்புகிறதா. நுண்ணோக்கியில், ஓரமெல்லாம் பாக்டீரியா ஒட்டி விளிம்பு மங்கிப்போன செல்கள் தெரிகின்றனவா. நான்கில் மூன்று இருந்தால் பி.வி. என்று முடிவு செய்யலாம். இவருக்குக் காகிதம் 5 காட்டியது, வாடை கிளம்பியது, அந்த மங்கலான செல்களும் இருந்தன. சரி, உறுதி.

சீட்டில் மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். மொத்தம் 14 மாத்திரை. 400 மில்லிகிராம் மாத்திரை புழங்கும் நாடுகளில் அதையே இரண்டு வேளை எழுதுவார்கள்.

மூன்றாம் நாளே வாடை போய்விடுகிறது. வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு சுவை, லேசான குமட்டல். "அதான் சரியாகிவிட்டதே" என்ற எண்ணம் எட்டிப் பார்க்கும் இடம் இதுதான். மூன்றாம் நாள் போனது வாடை மட்டும்தான், அந்தக் கூட்டம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 14 மாத்திரையையும் முடிக்க வேண்டும். குமட்டலுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் கொஞ்சம் தணியும்.

## இரண்டு மருந்து, இரண்டு குணம்

மெட்ரோனிடசோல் ஒரு பூட்டிய பெட்டி மாதிரி. அந்த நிலையில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாவுக்குள் நுழைந்தால், அந்தப் பாக்டீரியாவின் சொந்த வேதிவினைகளே பெட்டியைத் திறந்துவிடும். உள்ளிருந்து வருவது அதன் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. லாக்டோபேசில்லஸிடம் பெட்டியைத் திறக்கும் சாவி சரியாக இல்லை, அதனால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. இந்தக் குணத்துக்காகவே பி.வி.யில் இந்த மருந்துக்கு முதலிடம். மாத்திரை வேண்டாம் என்றால் 0.75 சதவீத ஜெல் இருக்கிறது, உள்ளே 5 கிராம், நாளுக்கு ஒரு தடவை, 5 நாள். ஜெல்லில் ரத்தத்துக்குப் போகும் மருந்து மிகக் கொஞ்சம், எனவே குமட்டலும் இரும்புச் சுவையும் குறைவு.

கிளிண்டாமைசின் வேறு மாதிரி வேலை செய்கிறது. பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இயந்திரத்தில் போய் உட்கார்ந்து அதை நிறுத்திவிடும். 2 சதவீத களிம்பாக, 5 கிராம், படுக்கப் போகும் முன், 7 நாள் என்று எழுதுவார்கள். மெட்ரோனிடசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல மாற்று. இதிலும் ஒரு கோணல் உண்டு, நல்ல குடித்தனக்காரரான லாக்டோபேசில்லஸையும் இது அடிக்கக்கூடும். அப்புறம், பெட்டிக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிக்காத ஒரு வரி: இந்தக் களிம்பில் எண்ணெய் இருப்பதால் லேடெக்ஸ் ஆணுறையின் வலு குறையும். களிம்பு போடும் நாட்களிலும், முடித்து 5 நாள் வரைக்கும் அந்த ஆணுறையை நம்பக் கூடாது. கர்ப்பத்தைத் தடுக்க அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெட்ரோனிடசோல் மாத்திரைக்கு முன் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக் கசிவு வரலாம். கிளிண்டாமைசின் எடுத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீராக நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் எந்த மருந்து, எந்த வடிவம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், பழைய சீட்டு உதவாது.

சுருக்கமாக: இரண்டு மருந்தும் வந்தேறிய கூட்டத்தைக் குறைக்கின்றன. எந்த மருந்தும் லாக்டோபேசில்லஸைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை.

## "குடிக்கவே கூடாது" என்பது எங்கிருந்து வந்தது?

மதுவை உடல் இரண்டு படியாக உடைக்கிறது. முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக, பிறகு அதையும் உடைத்துத் தீங்கில்லாத பொருளாக. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து, குடியை விட விரும்புகிறவர்களுக்குக் கொடுப்பது. அது இரண்டாம் படியை அடைத்துவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடித்து, வாந்தி வரும். மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக் குடித்த சிலருக்கு இதே மாதிரி ஆனதாகப் பழைய குறிப்புகள் வந்தன. அதிலிருந்துதான் "இதுவும் அதே அடைப்பைச் செய்கிறது" என்ற எச்சரிக்கை எல்லாத் தாளிலும் ஏறி உட்கார்ந்தது.

2002ல் பின்லாந்தில் 12 ஆரோக்கியமான ஆண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல், சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, பிறகு எல்லோருக்கும் மது. ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு கூடவில்லை, உடம்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சின்னச் சோதனைதான். ஆனாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தன் 2021 வழிகாட்டுதலில், மெட்ரோனிடசோலுக்காக மதுவைத் தவிர்க்க வேண்டிய அவசியம் இல்லை என்றே எழுதிவிட்டது. மாத்திரைத் தாள்கள் இன்னும் மாறவில்லை. கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரம் என்று சில நாடுகளிலும் 3 நாள் என்று சில நாடுகளிலும் இருக்கும்.

அப்படியென்றால் கடையில் நான் என்ன சொல்கிறேன்? இந்த மாத்திரையே குமட்டும், அதன் மேல் மதுவை ஊற்றினால் வயிறு நன்றி சொல்லாது, ஒரு வாரமும் இரண்டு நாளும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன், மதுவுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். விசேஷத்தில் ஒரு கோப்பை குடித்துவிட்டேன் என்று பயந்து மீதி ஆறு மாத்திரையை வைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கோப்பை செய்திருக்கக்கூடிய கெடுதலைவிடப் பாதியில் நிறுத்துவது பெரிய கெடுதல். குடித்த பிறகு படபடப்பும் நிற்காத வாந்தியும் வந்தால் மருத்துவ உதவி தேடுங்கள். டைசல்ஃபிராம் எடுப்பவர்களுக்கு மட்டும் கதையே வேறு. அதையும் மெட்ரோனிடசோலையும் சேர்த்து எடுத்தால் மனக்குழப்பம் வரை போகலாம், இரண்டும் ஒன்றாகவே கூடாது. கிளிண்டாமைசினுக்கு இந்த மதுப் பிரச்சினை எதுவும் கிடையாது.

## திரும்பி வருவதற்கு மூன்று கதவுகள்

நம் பெண்ணுக்கு வருவோம். 14 மாத்திரையும் முடித்தார், மதுவைத் தொடவில்லை, சுத்தமாகச் சரியானது. பத்தாவது வாரத்தில், மாதவிடாய் முடிந்த கையோடு, அதே வாடை. அவர் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். "ஒரு வேளை மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டேனே, அதனாலா?" இல்லை. ஆஸ்திரேலியாவில் 2006ல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ரோனிடசோல் மாத்திரையை 7 நாள் எடுத்த பெண்களில் 58 சதவீதம் பேருக்கு 12 மாதத்துக்குள் திரும்பியது. பாதிக்கும் மேல்! இவ்வளவு பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்திருக்க முடியாது.

முதல் கதவு, படலம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்களுக்குத் தெரியும், தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்பினால் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், சுவரில் கை வைத்தால் வழுவழுவென்று பாசி. சுவரைத் தேய்க்காமல் விட்டால் கொஞ்ச நாளில் தண்ணீர் மறுபடி பச்சை. கார்ட்னெரெல்லாவும் அதன் கூட்டாளிகளும் யோனிச் சுவர்ச் செல்களில் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து அதற்குள் இருக்கின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்த, விளிம்பு மங்கிய அந்தச் செல்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்த மங்கலுக்குக் காரணமே இந்த ஒட்டல்தான். மெட்ரோனிடசோல் மேலே மிதப்பவற்றைக் கொல்கிறது, படலத்தையும் அடக்கிவைக்கிறது, ஆனால் வேரோடு பிடுங்குவதில்லை. யோனியைத் தொட்டி மாதிரி தேய்க்கவும் முடியாது, தேய்க்கவும் கூடாது.

இரண்டாம் கதவு, காலி வீடு. மருந்து வந்தேறியவர்களை வெளியேற்றியது, பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்தாரா? பலருக்கு வருவதில்லை, அல்லது அரைகுறையாக வருகிறார். லாக்டோபேசில்லஸிலும் வகை உண்டு. கிரிஸ்பேட்டஸ் என்ற வகை வலுவான காவல்காரர். ஐனெர்ஸ் என்ற வகை யாரோடும் அனுசரித்துப் போகும், வந்தேறிகளோடும் கூட. மெட்ரோனிடசோலுக்குப் பிறகு பெரும்பாலும் முன்னுக்கு வருவது இந்த ஐனெர்ஸ்தான். 2020ல் வெளியான ஒரு சோதனையில், மெட்ரோனிடசோல் ஜெல்லுக்குப் பிறகு கிரிஸ்பேட்டஸை உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் திரும்பியவர்கள் 30 சதவீதம், போலி மருந்து வைத்தவர்களில் 45 சதவீதம். காலி வீடு என்ற கணக்கு சரிதான், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று இந்த எண்களே சொல்கின்றன. "புரோபயாடிக்" என்று எழுதிய எந்த டப்பாவை வாங்கினாலும் இதே பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சோதனையில் வைத்தது குறிப்பிட்ட ஒரு கிரிஸ்பேட்டஸ் வகையை, அதுவும் யோனிக்குள்.

மூன்றாம் கதவு, துணைவர். இதைத்தான் நாம் அதிகம் பேசாமல் விட்டிருக்கிறோம். அதே பாக்டீரியாக்கள் ஆணின் குறித் தோலிலும், முன்தோலுக்கு அடியிலும், சிறுநீர்க் குழாயிலும் தங்கலாம், அவருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. முன்பு ஆண்களுக்கு வெறும் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்துப் பலன் இல்லை என்று கைவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2025ல் வெளியான சோதனையில் அதைக் கொஞ்சம் மாற்றினார்கள். ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, கூடவே குறித் தோலில் 2 சதவீத கிளிண்டாமைசின் களிம்பு இரண்டு வேளை, 7 நாள், பெண்ணின் சிகிச்சையோடு ஒரே நேரத்தில். 12 வாரத்துக்குள் திரும்பியது 35 சதவீதப் பெண்களுக்கு. பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்த ஜோடிகளில் 63 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் யாரோ வெளியே போயிருக்கிறார்கள்" என்று வீட்டில் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கும் ஜோடிக்குள்ளேயே இந்தக் கூட்டம் இங்கும் அங்கும் போய்வரும். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழும் ஜோடிகளிலும் இருவருக்கும் ஒரே நிலை இருப்பதுண்டு.

சுருக்கமாக: படலம் மிச்சம், இடம் காலி, துணைவரிடமிருந்து மறுவரவு. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு மூன்றுமே.

## இரண்டாம் சுற்றில் என்ன செய்தார்கள்

பத்தாவது வாரத்தில் மருத்துவர் மறுபடி பி.எச். பார்த்தார், மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை இல்லை, பி.வி.தான். இந்தத் தடவை துணைவரையும் அழைத்துவரச் சொன்னார். வந்தவருக்கு முதலில் கோபம், "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் சாப்பிட வேண்டும்?" அந்த 35, 63 எண்களைச் சொன்னதும் அமைதியானார். இருவரும் ஒரே நாளில் தொடங்கி, 7 நாள் முடியும் வரை உறவைத் தள்ளிவைத்தார்கள். அவர் களிம்பை முன்தோலுக்கு அடியிலும் தடவ வேண்டும் என்பதைச் செய்து காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது, பலர் மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதற்குப் பிறகும் திரும்பினால் வழி அடைந்துவிடவில்லை. மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரத்துக்கு இரண்டு தடவை என்று மாதக்கணக்கில் தொடரும் முறை ஒன்று உண்டு. போடும் வரை பலருக்கு அடங்கி இருக்கும், நிறுத்தினால் சிலருக்குத் திரும்பும், இடையில் பூஞ்சையும் எட்டிப் பார்க்கும். போரிக் அமில மாத்திரையை உள்ளே வைக்கும் முறையும் இருக்கிறது, மருத்துவர் சொன்னால் மட்டும். வாயில் போட்டால் அது விஷம், உயிருக்கே ஆபத்து, வீட்டில் குழந்தைகள் கையில் சிக்காமல் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

நம் பெண் நாட்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதுவரை வாடை இல்லை என்றால் மறுபரிசோதனைக்குக்கூடப் போக வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.